வீட்டில் நட்சத்திரம், அவளுக்கு லியோ மட்டும்: பொருத்தம் எதை வைத்துப் பார்ப்பது?

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 9, இரவு 10.12

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் புனர்பூசம், மிதுன ராசி. பிறந்தது 1996 மார்ச் 28, காலை. எங்கள் வீட்டில் நட்சத்திரப் பொருத்தம் பார்க்காமல் எதுவும் நடக்காது, எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அவள் டொரோண்டோவில் பிறந்து வளர்ந்தவள். ராசி, நட்சத்திரம், லக்னம் எதுவும் தெரியாது. ஆனால் ஜோதிடமே வேண்டாம் என்கிற ஆளும் இல்லை. ஸன் சைனில் அவளுக்கு நல்ல ஈடுபாடு. அவள் லியோ, நான் ஏரிஸ், இரண்டும் நெருப்பு, அதனால் நாங்கள் பொருந்துவோம் என்று பார்த்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். லியோ என்றால் சிம்மம்தானே, அப்படியென்றால் மகம், பூரம், உத்திரம் மூன்றில் ஒன்று, எது என்று மட்டும் கேட்டுச் சொல் என்றார். அவளிடம் கேட்டால் "அப்படியென்றால் என்ன" என்கிறாள். லியோவில் எந்தப் பகுதி என்று வைத்து நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராசிபலன் ரசிகர் | பிப்ரவரி 9, இரவு 10.40

முடியும் தம்பி, ஏன் முடியாது. லியோ சிம்மம், ஏரிஸ் மேஷம். பெண்ணின் சிம்மத்திலிருந்து எண்ணினால் பையனின் மேஷம் ஒன்பதாவது. ராசிப் பொருத்தம் உத்தமம். ராசி அதிபதிகளும் சூரியன், செவ்வாய், இருவரும் நண்பர்கள். பெண்ணின் பிறந்த தேதி ஆகஸ்ட் பத்துக்குள் இருந்தால் மகம், அதற்குப் பிறகு பூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாக வாரபலன் படிக்கிறேன், இதெல்லாம் ஒன்றும் பெரிய கணக்கு இல்லை.

சும்மா வந்தவன் | பிப்ரவரி 9, இரவு 10.44

தம்பி தன்னை மிதுன ராசி என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். மாமா அவரை மேஷத்துக்கு மாற்றிக் கல்யாணமே முடித்துவிட்டார்.

பழைய கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 10, காலை 6.15

ரசிகர் சொன்னதில் கூட்டல் சரி, எண்கள்தான் வேறு யாருடையதோ.

தம்பி, அம்மா கேட்கும் ராசி சந்திரன் நின்ற ராசி. அந்தப் பெண் சொல்லும் லியோ சூரியன் நின்ற இடம். சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறது. சந்திரனோ ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு நட்சத்திரத்தைத் தாண்டி, 27 நாள் சொச்சத்தில் மொத்த வட்டத்தையும் சுற்றிவிடுகிறது. ஆக சூரியன் லியோவில் இருக்கும் அந்த ஒரு மாதத்துக்குள் 27 நட்சத்திரங்களும் வந்து போய்விடும். லியோ என்று மட்டும் சொன்னால் அவள் அசுவினியாக இருக்கலாம், ரேவதியாகவும் இருக்கலாம். லியோவில் எந்தப் பகுதி என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுடைய லியோ நம்முடைய சிம்மத்தோடு சரியாகப் பொருந்தாது. நம் மாதமே சூரியன் ராசி மாறும்போதுதான் பிறக்கிறது. சித்திரை பிறந்தால் சூரியன் மேஷத்தில், ஆடியில் கடகத்தில், ஆவணியில் சிம்மத்தில். அவர்கள் மேஷத்தை மார்ச் 21 வாக்கில், பகலும் இரவும் சமமாகும் நாளில் தொடங்குகிறார்கள். நாம் விண்மீன்களை வைத்து எண்ணுவதால் ஏப்ரல் 14இல் தொடங்குகிறோம். இப்போது இடைவெளி சுமார் 24 பாகை, 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் இன்னும் விரிந்துகொண்டே போகிறது. ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 22 வரை பிறந்தவர்களை அவர்கள் லியோ என்கிறார்கள். அதில் ஆவணி பிறப்பதற்கு முன் வரும் பெரும்பகுதி நமக்கு ஆடி, அதாவது சூரியன் கடகத்தில். கடைசி ஐந்தாறு நாள்தான் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்.

நீங்களே பங்குனியில் பிறந்தவர். அவர்களுக்கு ஏரிஸ், நமக்குச் சூரியன் மீனத்தில், சந்திரன் மிதுனத்தில். ஒரே ஆளுக்கு மூன்று ராசி. எதை எதோடு சேர்க்கிறோம் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அவளிடம் சைனைக் கேட்காதீர்கள். பிறந்த தேதி, நேரம், ஊர், இந்த மூன்றையும் கேளுங்கள். மிச்சத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

மூலத்துக்காரி | பிப்ரவரி 10, காலை 11.02

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மூலம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லியே எத்தனை வரன்கள் வாசலோடு போயின. கடைசியில் மாமனார் இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுத்தார்கள், ஏனென்றால் மூலம் மாமனாருக்கு ஆகாதாம். மாமனார் இல்லாததை ஒரு தகுதியாக எண்ணிய குடும்பம் எங்களுடையது. தம்பி, அந்தப் பெண்ணை நிம்மதியாக லியோவாகவே இருக்க விடுங்கள். நட்சத்திரம் தெரியாமல் வளர்ந்தது அவளுடைய அதிர்ஷ்டம்.

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 10, இரவு 9.30

மூலத்துக்காரி அக்கா, நீங்கள் சொன்னது இன்று எங்கள் வீட்டிலும் நடந்துவிட்டது. முழுதாகச் சொல்கிறேன்.

அவள் தேதி சொன்னாள்: 1999 ஆகஸ்ட் 11. அம்மா நான் உட்காருவதற்குள் பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். அந்த நாளில் போட்டிருந்தது: ஆடி மாதம், அமாவாசை, ஆயில்யம், சூரிய கிரகணம். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதே என்று ஒரே வரி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன். அவள் சொன்னது: "எங்கள் கணக்கில் லியோ என்றால் நான் எப்படிப்பட்டவள் என்று சொல்வார்கள், பிடிவாதம், பெருமை, தாராளம், ஏதோ ஒன்று. உங்கள் கணக்கில் என் நட்சத்திரத்தைச் சொன்னால் உன் அம்மா எத்தனை நாள் இருப்பார் என்று சொல்கிறார்கள். இதில் நான் எங்கே இருக்கிறேன்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

கிரகணம் பார்த்தவர் | பிப்ரவரி 10, இரவு 9.51

அந்தக் கிரகணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாயங்காலம், குஜராத் பக்கம் முழுதாக மறைத்தது. கிரகணத்தின்போது வெளியே வந்தால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று என் மனைவியை உள்ளேயே வைத்திருந்தோம். குழந்தை நன்றாகப் பிறந்தது. கிரகண தோஷத்துக்குச் சாந்தி செய்வது எப்படி என்பதுதானே கேள்வி? நான் செய்த கோவில் விவரம் வேண்டுமானால் சொல்கிறேன்.

சும்மா வந்தவன் | பிப்ரவரி 10, இரவு 9.55

அது இல்லை கேள்வி, ஆனால் குழந்தை நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி.

பழைய கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 11, காலை 5.50

தம்பி, நேரம் என்ன? தேதியைக் கொடுத்தீர்கள், ஊர் டொரோண்டோ என்றீர்கள், நேரம் சொல்லவில்லையே. அம்மா பார்த்த பஞ்சாங்கம் இந்திய நேரத்துக்கு எழுதியது. ஆகஸ்ட் 11 பகல் முழுக்க இங்கே ஆயில்யம்தான், அதில் தப்பில்லை. அந்தக் குழந்தை இங்கே பிறக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ரசிகர் ஐயாவுக்காக ஒரு வார்த்தை. பஞ்சாங்கமே இல்லாமல் சரிபார்க்க எளிய வழி உண்டு. அமாவாசை என்றால் சூரியனும் சந்திரனும் ஒரே இடம். ஆடி மாதம் என்றால் சூரியன் கடகம். ஆகவே ஆடி அமாவாசை நேரத்தில் பிறந்தவருக்குக் கடக ராசி. சைன் புத்தகம் லியோ என்று சொல்லட்டும், அமாவாசைச் சந்திரன் ஆடியில் சிம்மத்துக்குப் போக முடியாது. பௌர்ணமி என்றால் நேர் எதிரே ஏழாவது ராசி. மாதமும் திதியும் தெரிந்தால் ராசியை விரலில் எண்ணிவிடலாம். ஒரு வீடு முன்பின் தவறும், அதற்கு மேல் தவறாது.

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 11, மதியம் 1.20

இரவு 11.05. அவள் அம்மா குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார், ஆஸ்பத்திரித் தாளிலும் அதே நேரம். ஆகஸ்ட் 11 இரவு.

பனிநாட்டு அக்கா | பிப்ரவரி 11, மாலை 6.08

நான் அந்த ஊர்ப்பக்கம்தான் இருக்கிறேன், இதை நான் சொல்கிறேன். ஆகஸ்டில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். கோடையில் இந்தியா எங்களைவிட ஒன்பதரை மணி முன்னால், குளிர்காலத்தில் பத்தரை. ஆக இரவு 11.05 என்பது உங்களுக்கு மறுநாள் ஆகஸ்ட் 12, காலை 8.35. நம் ஆட்கள் பலர் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தேதியை மட்டும் வைத்து இந்திய நாள்காட்டியில் நட்சத்திரம் எடுத்துவிடுகிறார்கள், பிறந்தநாளுக்குக் கோவிலில் அர்ச்சனை வேறு தப்பான நட்சத்திரத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. மாலையிலோ இரவிலோ பிறந்த குழந்தை என்றால் தப்பு நேர வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, நானும் ஸன் சைன் பார்ப்பவள்தான், மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். ஒழுங்காகப் பார்க்கிற மேற்கத்திய ஜோதிடர் ஜோடி பார்க்கும்போது சூரியனோடு நிற்க மாட்டார், சந்திரன், சுக்கிரன், செவ்வாய் எல்லாம் இருவர் கட்டத்திலும் எங்கே என்று பார்ப்பார், அவருக்கும் பிறந்த நேரம் வேண்டும். சூரியனை மட்டும் வைத்துச் சொல்வது பத்திரிகை வழக்கம். 1930இல் லண்டனில் ஒரு ஞாயிறு இதழ் இளவரசி மார்கரெட் பிறந்தபோது ஜாதகம் போட்டு எழுதியதில் பிடித்துக்கொண்டு பரவியது. படிப்பவருக்குத் தேதி மட்டும் தெரிந்தால் போதும் என்பதால்தான் அது நின்றது. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், தன் சந்திரன் எங்கே என்று அவளே கேட்பாள்.

பழைய கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 11, இரவு 8.30

அக்கா சொன்ன நேர மாற்றம் சரி. இப்போது கணக்கு.

அன்று அமாவாசை நம் நேரப்படி மாலை நாலரை மணி வாக்கில். அப்போது சந்திரன் கடகத்தில் இருபத்துநாலரை பாகை, ஆயில்யம் மூன்றாம் பாதம். கடகம் முடிய ஐந்தரை பாகை பாக்கி. அன்றைய வேகம் நாளுக்கு ஏறக்குறைய பதினான்கு பாகை, எனவே அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆக 12ஆம் தேதி அதிகாலை இரண்டு மணி வாக்கில் ஆயில்யம் முடிந்து மகம் தொடங்கியாயிற்று. அவள் பிறந்தது நம் நேரம் காலை 8.35. மகம் தொடங்கி ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனவே மகம், சிம்ம ராசி. திதியும் அமாவாசை இல்லை, பிரதமை. கிரகணம் முடிந்து வெகுநேரம் கழித்துப் பிறந்தவள்.

பாதம் மட்டும் கொஞ்சம் இழுபறி. என் கணக்கில் இரண்டாம் பாதத்தின் தொடக்கம். வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர் முதல் பாதம் என்று போட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். நட்சத்திரம் மாறாது.

ராசிபலன் ரசிகர் | பிப்ரவரி 11, இரவு 8.41

சிம்மம், மகம். நான் முதல் நாளே என்ன சொன்னேன்?

சும்மா வந்தவன் | பிப்ரவரி 11, இரவு 8.43

ஆகஸ்ட் பத்துக்குப் பிறகு என்றால் பூரம் என்று சொன்னீர்கள் மாமா.

பழைய கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 11, இரவு 9.05

ரசிகர் ஐயா, ராசி சரியாக வந்தது, வழி தப்பு. இதே பெண் அன்று டொரோண்டோவில் காலையில் பிறந்திருந்தால் கடகம். நான்கு நாள் கழித்துப் பிறந்திருந்தால் துலாமோ கன்னியின் கடைசியோ, அப்போதும் அவள் லியோதான். அமாவாசையை ஒட்டிப் பிறந்ததால் சந்திரன் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் உங்கள் ஊகம் ஒட்டிக்கொண்டது. அடுத்த லியோவுக்கு ஒட்டாது.

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 12, காலை 7.10

சார், அம்மாவிடம் காட்டினேன். முதலில் நம்பவில்லை, தேதி எப்படி மாறும், பிறந்த சான்றிதழில் 11 என்று இருக்கிறதே என்றார். பூமி உருண்டை, இங்கே விடிந்தபோது அங்கே இரவு, சந்திரன் ஒன்றுதான், அது நின்ற இடத்தைத்தான் பார்க்கிறோம் என்று ஆரஞ்சுப் பழத்தை வைத்து விளக்கினேன். சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கூப்பிடும்போது அங்கே ராத்திரி என்பாரே, அது நினைவுக்கு வந்ததும் ஒப்புக்கொண்டார். அடுத்த நிமிடமே முகம் மலர்ந்து "மகம் ஜகத்தை ஆளும்" என்றார். நேற்று வரை மாமியாருக்கு ஆகாதவள், இன்று ஜகத்தை ஆளப்போகிறவள்.

மூலத்துக்காரி | பிப்ரவரி 12, காலை 9.25

ஒன்பதரை மணி நேரத்தில் ஒரு பெண்ணின் விதி மாறியதைப் பார்த்தீர்களா. என் ஜாதகத்தையும் யாராவது வேறு ஊர் நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள். மாமனார் ஒருவர் பாக்கி.

ஜகத்தை ஆளும் என்று சிரிக்கிறீர்கள் தம்பி, ஆளப்போவது உங்கள் வீட்டை.

சோழிக்காரர் | பிப்ரவரி 12, மதியம் 12.40

எல்லாரும் ஆயில்யம் போனதில் சந்தோஷப்படுகிறீர்கள். யோனி பார்த்தீர்களா? புனர்பூசம் பூனை. மகம் எலி. ஜன்மப் பகை. ஆயில்யமாக இருந்திருந்தால் அதுவும் பூனை, யோனிப் பொருத்தம் அருமையாக வந்திருக்கும். சும்மா சொல்லிவைத்தேன்.

சும்மா வந்தவன் | பிப்ரவரி 12, மதியம் 12.44

அம்மாவைக் காப்பாற்றி மகனைச் சிக்கவைத்துவிட்டார்கள்.

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 12, மதியம் 12.58

ஐயா, இதை அம்மா படித்துவிடாமல் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை சார், இது எவ்வளவு பெரிய விஷயம்?

பழைய கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12, இரவு 8.15

சோழிக்காரர் சொன்னது சரிதான், யோனி பகை. மறைக்க வேண்டியதில்லை. மொத்தமாகச் சொல்கிறேன்.

பெண்ணின் மகத்திலிருந்து உங்கள் புனர்பூசம் வரை எண்ணினால் 25. ஒன்பதால் வகுத்தால் மீதி ஏழு, எனவே தினம் கிடையாது. ஆனால் 25 என்பது மகேந்திரத்துக்கு நல்ல எண். ஸ்திரீ தீர்க்கம் தாராளமாக இருக்கிறது. கணம் சேராது, அவள் ராட்சச கணம், நீங்கள் தேவ கணம். ஸ்திரீ தீர்க்கம் நன்றாக இருந்தால் கணத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று ஒரு விலக்கு உண்டு, எல்லாரும் அதை ஏற்பதில்லை. சிம்மத்திலிருந்து மிதுனம் பதினொன்று, ராசி நன்று. சூரியனுக்கும் புதனுக்கும் பகை இல்லை. வசியம் இல்லை. ரஜ்ஜு அவளுக்குக் கால், உங்களுக்கு வயிறு, வேறு வேறு, எனவே பொருத்தம். வேதை இல்லை. பத்தில் ஆறு.

நான் முதலில் ரஜ்ஜுவையும் வேதையையும் பார்ப்பேன், இரண்டும் நன்றாக இருந்தால் யோனிக்காக ஒரு ஜோடியைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். யோனிதான் முக்கியம் என்று சொல்கிற ஜோசியரும் இருக்கிறார், அவரோடு நான் சண்டைக்குப் போகப் போவதில்லை. இது நட்சத்திரம் மட்டும் வைத்துச் சொன்னது. இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

சோழிக்காரர் | பிப்ரவரி 12, இரவு 8.50

யோனியைத் தள்ளிவிட்டு ஆறு என்று எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை. ஆறு வந்ததா என்பது பெரிதில்லை, எது வராமல் போனது என்று பாருங்கள். தாம்பத்தியத்துக்கு யோனிதான் அடிப்படை. என் கருத்து அது.

பனிநாட்டு அக்கா | பிப்ரவரி 13, காலை 5.30

நீங்கள் பூனை எலியில் நிற்கிறீர்கள், அந்தப் பெண் என்ன சொன்னாள்? அவள் பக்கத்தையும் கேட்டீர்களா தம்பி, அல்லது அவளிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொண்டதோடு சரியா?

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 13, இரவு 10.35

நியாயமான கேள்வி அக்கா. நேற்று உட்கார்ந்து பேசினோம். உங்கள் பேச்சைக் கேட்டு அவள் கணக்கில் சந்திரனையும் பார்த்தோம். 24 பாகையைக் கூட்டியதும் அவள் சந்திரன் லியோவிலேயே வருகிறது, அவள் துள்ளிக் குதிக்காத குறை. என் சந்திரன் கேன்சரில் வந்தது. உடனே முகம் சுருங்கியது. "ஏரிஸ் என்று நினைத்துப் பழகினேன், உள்ளே இருப்பது கேன்சரா, அதனால்தான் எதற்கெடுத்தாலும் அம்மா அம்மா என்கிறாயா" என்றாள். அவர்கள் கணக்கில் கேன்சர் வீட்டையும் அம்மாவையும் விடாத சைனாம். ஆக அவள் பக்கத்திலும் எனக்குப் பத்தில் ஆறுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டாள். என் நட்சத்திரத்தை நீ தெரிந்துகொள், உன் அம்மாவும் தெரிந்துகொள்ளட்டும், ஆனால் யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாது என்கிற பேச்சு என் காதுக்கு வரக்கூடாது. நான் சரி என்றேன். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

மூலத்துக்காரி | பிப்ரவரி 14, காலை 8.00

யோசிக்காமல் சொல்லிவிடுங்கள். எனக்காக இதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 17, இரவு 9.15

புதுச் சிக்கல். அம்மா எங்கள் குடும்ப ஜோசியரிடம் கட்டம் போடச் சொன்னார். வந்தது மகம் மூன்றாம் பாதம், சிம்ம லக்னம். பனிநாட்டு அக்கா ஊரிலேயே ஒருவரிடம் அவள் போட்டு வாங்கியதில் மகம் இரண்டாம் பாதம், மேஷ லக்னம். ஒரே பெண்ணுக்கு இரண்டு லக்னம். அம்மா மறுபடி பழைய முகத்துக்குப் போய்விட்டார். வாக்கியம், திருக்கணிதம் வித்தியாசமா இது?

சோழிக்காரர் | பிப்ரவரி 17, இரவு 9.40

வாக்கியம்தான். அதில் இப்படி வரும்.

பழைய கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 18, காலை 5.45

வாக்கியத்தில் பாதம் மாறலாம், லக்னம் மேஷத்திலிருந்து சிம்மத்துக்குத் தாவாது. அது நாலு ராசித் தூரம், எட்டு ஒன்பது மணி நேர வேலை.

அம்மா ஜோசியரிடம் என்ன நேரம் எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். நீங்கள் விளக்கியதில் மனதில் நின்ற 12ஆம் தேதி காலை 8.35ஐ எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர் என்ற இடத்தில் டொரோண்டோ என்று போட்டிருப்பார். ஜோசியரின் கணினி அதை அங்கத்திய காலை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை மாற்றியிருக்கும்.

கட்டத்தைப் பார்த்தே இதைப் பிடிக்கலாம். சிம்ம லக்னம் போட்ட கட்டத்தில் சூரியன் கடகத்தில், அதாவது லக்னத்துக்குப் பன்னிரண்டில் இருக்கும். பன்னிரண்டில் சூரியன் என்றால் சூரியன் உதித்து மேலே வந்துவிட்டது, காலைப் பிறப்பு. இந்தப் பெண் பிறந்தது இரவு பதினொன்று. மேஷ லக்னக் கட்டத்தில் அதே சூரியன் நாலாம் இடத்தில், தரைக்குக் கீழே, இரவுக்குப் பொருத்தமாக இருக்கும். வெளிநாட்டுப் பிறப்பு எதுவாக இருந்தாலும் கட்டம் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஜோசியரிடம் மாற்றிய நேரத்தைக் கொடுக்காதீர்கள். ஆகஸ்ட் 11, இரவு 11.05, டொரோண்டோ, அங்கத்திய கடிகார நேரம், கோடைக் கணக்கு என்று அப்படியே எழுதிக் கொடுங்கள். மாற்றுவது அவர் வேலை.

புனர்பூசக்காரன் | பிப்ரவரி 18, இரவு 9.50

அதேதான் சார். தாளை வாங்கிப் பார்த்தேன், 12ஆம் தேதி காலை 8.35, ஊர் டொரோண்டோ. புதிதாக எழுதிக் கொடுத்தாயிற்று, மேஷ லக்னம் வந்துவிட்டது. ஜோசியர் யோனியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ராகு கேது எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ராசிபலன் ரசிகர் | பிப்ரவரி 18, இரவு 10.02

என் மகள் பைசீஸ். பெரிய இடத்து வரன் ஒன்று வந்திருக்கிறது, பையன் மீன ராசி. ஒரே ராசி, ஆகுமா?

சும்மா வந்தவன் | பிப்ரவரி 18, இரவு 10.03

மாமா, பிறந்த நேரம் சொல்லுங்கள்.